மிஸ் இல்லாத குரூப்

பள்ளிக்கூடத்து வாட்ஸப் குரூப்புகள் தனியாகப் பிறப்பதில்லை. வகுப்பாசிரியர் ஒன்றைத் தொடங்குவார். வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, மழை விடுமுறை எல்லாம் அதில் வரும். அதே வாரத்தில் மாணவர்கள் இன்னொன்றைத் தொடங்குவார்கள். முதலாவதில் எல்லோரும் 'ஓகே மிஸ்', 'தேங்க்யூ மிஸ்' என்று எழுதுவார்கள். வகுப்பு உண்மையில் வாழ்வது இரண்டாவதில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது பாடத்துக்காக வீட்டுக்குள் வந்த கைப்பேசி, பள்ளிகள் திறந்த பிறகும் மாணவர் கையைவிட்டுப் போகவில்லை. அதோடு இந்த மிஸ் இல்லாத குரூப்பும் நிலைத்துவிட்டது.

துன்புறுத்தல் நடப்பது அங்கேதான். பல தலைமையாசிரியர்கள் 'அது எங்கள் குரூப் இல்லை, பள்ளிக்கு வெளியே நடந்தது' என்று விலகிக்கொள்வதும் அதனால்தான். அந்த விலகல் ஏன் செல்லாது என்பதற்கு ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். இது எந்த ஒரு பள்ளியின் கதையும் அல்ல. இத்தகைய புகார்கள் வழக்கமாக விரியும் பாதையை ஒட்டி அமைத்தது.

பதினொன்றாம் வகுப்பு, 42 பேர். ஆசிரியரின் குரூப்பில் 42 பேரும் இருக்கிறார்கள். மாணவர் குரூப்பில் 38 பேர். இல்லாத நால்வரில் ஒருத்தி கவிதா என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை ஒரு பையன், ஆண்டுவிழாப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிப் போடுகிறான். பதினொரு பேர் சிரிப்புக் குறி இடுகிறார்கள். இன்னொருவன் அவளுக்கு எந்தப் பட்டப்பெயர் பொருந்தும் என்று வாக்கெடுப்பு வைக்கிறான். மூன்றாமவன், ஆசிரியரின் குரூப்பில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, அவள் எண்ணை எடுத்து 'கூப்பிட்டுப் பாருங்கடா' என்று ஒட்டுகிறான். அன்றிரவே தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள். செவ்வாய்க்கிழமை, அவள் முகம் வேறொரு உடலில் ஒட்டப்பட்ட ஆபாசப் படம் ஒன்று அதே குரூப்பில் விழுகிறது. புதன் காலை ஒரு வகுப்புத் தோழி, 'மிஸ், யார்கிட்டயும் என் பேரைச் சொல்லாதீங்க' என்று தன் கைப்பேசியை நீட்டுகிறாள்.

கவிதாவின் எண் பள்ளியின் குரூப்பிலிருந்து போயிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம்' என்று அமைத்துவிட்டால் போதும் எனப் பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அந்த அமைப்பு பேச்சைத்தான் நிறுத்தும், எண்களை மறைக்காது. உறுப்பினர் யாரும் பட்டியலைத் திறந்து எல்லா எண்களையும் பார்க்கலாம். எண்களை மறைக்க வழிகள் இருக்கின்றன. 2022இல் வந்த கம்யூனிட்டி வசதியில் அறிவிப்புப் பகுதியை மட்டும் பயன்படுத்தினால் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை. பிராட்காஸ்ட் பட்டியலில் பெறுபவர்கள் ஒருவரையொருவர் அறியவே மாட்டார்கள். ஆனால் ஆசிரியரின் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஜூன் மாதம் ஒரு மணி நேரம் செலவழித்து இதைச் செய்யும் பள்ளி, அக்டோபரில் வரும் பாதிப் புகார்களைத் தவிர்த்துவிடும் என்பது என் கணிப்பு. கணிப்புதான், கணக்கு அல்ல.

இனி அந்தப் புதன் காலைக்கு வருவோம். அந்தக் கைப்பேசியைப் பார்த்ததும் ஆசிரியருக்கு இயல்பாகத் தோன்றுவது மூன்று. அதைத் தன் எண்ணுக்கு அனுப்பச் சொல்வது. ஆசிரியர் குரூப்பில் போட்டு 'இதைப் பாருங்க' என்பது. நேராக வகுப்புக்குப் போய் 'அந்தக் குரூப்பை இப்பவே அழிங்க' என்று கத்துவது. மூன்றுமே தவறு. மூன்றாவதால் வரும் சேதத்தை முதலில் சொல்கிறேன்.

வாட்ஸப்பில் அனுப்பியவர் தன் செய்தியை Delete for everyone என்ற தெரிவால் எல்லோர் கைப்பேசியிலிருந்தும் நீக்க, அனுப்பிய நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. குரூப் அட்மினும் பிறர் செய்தியை நீக்கலாம். ஞாயிறு மாலையின் ஸ்டிக்கரை அனுப்பியவனால் இனி நீக்க முடியாமல் போகலாம். செவ்வாய்க்கிழமைப் படத்தை இன்னும் நீக்க முடியும். வகுப்பில் ஆசிரியர் கத்திய பத்தாவது நிமிடம், குரூப்பில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரிகள் மட்டும் மிஞ்சும். ஆகவே விஷயம் கசியும் முன்பே பதிவு செய்தாக வேண்டும். வாட்ஸப் நிறுவனத்திடம் புகார் செய்வது நல்லதுதான். புகார் செய்தால் அந்த உரையாடலின் கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். ஆனால் புகாரோடு சேர்ந்து குரூப்பிலிருந்து வெளியேறும் தெரிவையும் தொட்டுவிட்டால், சாட்சியின் கைப்பேசியிலிருந்தே உரையாடல் போய்விடும். பதிவுக்குப் பிறகே புகார்.

பதிவு என்றால் ஸ்கிரீன்ஷாட் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் அனுப்பியவராகத் தெரியும் பெயர், அந்தக் கைப்பேசிக்காரர் சேமித்து வைத்த பெயர். என் தம்பியின் எண்ணை நான் உங்கள் பெயரில் சேமித்துக்கொண்டால், அவன் எழுதும் வசை உங்கள் பெயரில் என் திரையில் நிற்கும். ஆகவே பெயரைத் தொட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். அதே செய்தி, அதே நேரக் குறியோடு, குரூப்பிலுள்ள இன்னொரு மாணவரின் கைப்பேசியிலும் இருக்கிறதா என்று பார்ப்பது, எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு பள்ளி செய்யக்கூடிய நல்ல சோதனை. எண் கிடைத்த பிறகும் அவசரப்படக் கூடாது. நம் ஊரில் மாணவர் கையிலுள்ள எண் பெரும்பாலும் அப்பாவுடையது. அதே கைப்பேசியை அண்ணனும் தொடுகிறான். எண்ணுக்கு உரியவர் யார் என்பதும் எழுதியவர் யார் என்பதும் இரு வேறு கேள்விகள்.

இது வெறும் எச்சரிக்கை அல்ல என்பதற்கு 2020 மே மாதத்து டெல்லி நிகழ்வு சான்று. 'பாய்ஸ் லாக்கர் ரூம்' என்ற இன்ஸ்டாகிராம் குரூப்பில் பள்ளி மாணவர்கள் சிறுமிகளின் படங்களைப் பகிர்ந்து ஆபாசமாகப் பேசியது ஸ்கிரீன்ஷாட்டுகளாக வெளிவந்தது. நாடே கொதித்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு, பாலியல் வன்முறைக்குத் திட்டமிடும் ஒரு ஸ்னாப்சாட் உரையாடலும் பரவியது. காவல்துறை விசாரித்தபோது, அது அந்தக் குரூப்பைச் சேர்ந்ததே அல்ல என்று தெரிந்தது. ஒரு சிறுமி, ஆண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, தனக்குத் தெரிந்த பையனின் குணத்தைச் சோதிக்க நடத்திய தனி உரையாடல் அது. குரூப்பின் குற்றம் பொய்யாகிவிடவில்லை. ஆனால் மக்களை அதிகம் உலுக்கிய அந்த ஒரு திரை, வேறு இடத்திலிருந்து வந்தது.

ஆகவே ஆசிரியர் செய்ய வேண்டியது பழைய காலத்து வேலை: ஒரு நோட்டில் எழுதுவது. தேதி, நேரம், குரூப்பின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, எந்த எண்ணிலிருந்து எப்போது என்ன வந்தது, யார் முன்னிலையில் பார்த்தது. எழுத்து, ஸ்டிக்கர், வாக்கெடுப்பு ஆகியவற்றை, காட்டிய மாணவியின் பெற்றோரிடம் கேட்டு, அவள் கைப்பேசியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அங்கேயே வைத்திருக்கலாம். உரையாடலை ஏற்றுமதி செய்தால் வரும் எழுத்துக் கோப்பு படிக்க வசதியானது, ஆனால் எவரும் அதைத் திருத்த முடியும். அசல் கைப்பேசிதான் ஆதாரம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்த வேலையைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும். கைப்பேசியில் இருப்பது கலையாமல் அவர்கள் கைக்குப் போவதே பள்ளியின் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமைப் படம் மட்டும் வேறு வகை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது, அனுப்பக் கூடாது, தலைமையாசிரியருக்கும் அனுப்பக் கூடாது. என்ன தெரிகிறது என்று இரண்டு வரியில் எழுதி நிறுத்த வேண்டும். போக்சோ சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த வரையறை, உண்மைப் படத்தை மட்டுமல்ல, குழந்தையைக் காட்டுவதுபோல் மாற்றி உருவாக்கிய படத்தையும் உள்ளடக்குகிறது. 'மார்ஃபிங்தானே, நிஜமில்லையே' என்ற சமாதானம் செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, இப்படிப்பட்டதை அனுப்புவதற்கு முதல் முறையே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைக்கிறது. 'சக ஆசிரியர்களை எச்சரிக்கத்தான் போட்டேன்' என்று அங்கே சொல்லிப் பார்க்கலாம். ஆனால் போட்டது போட்டதுதான்.

வைத்திருப்பது பற்றிய சட்டம் தெளிவானதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. சென்னையைச் சேர்ந்த ஒருவரின் கைப்பேசியில் இத்தகைய காணொளிகள் கிடைத்த வழக்கை, தனியே பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சொல்லி, 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. போக்சோவின் 15ஆம் பிரிவின்படி, பகிரும் நோக்கத்தோடு இத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே தனிக் குற்றம் என்று விளக்கியது. அதோடு, 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லை விட்டு, குழந்தையைச் சுரண்டித் துன்புறுத்தியதன் பதிவு என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தச் சொன்னது. தோழியின் கைப்பேசியில் படம் தானாகவே இறங்கியிருக்கும். அதற்காக அவள் குற்றவாளி ஆகிவிட மாட்டாள். அவள் பெற்றோர் அந்தக் கைப்பேசியோடு புகார் செய்வதே அவளுக்கும் பாதுகாப்பு. இதை ஆசிரியர் அவளிடம் அன்றைக்கே விளக்கவில்லையென்றால், பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள்.

புகார் செய்யும் கடமை யாருடையது என்பதில்தான் பள்ளிகள் அதிகம் சறுக்குகின்றன. போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எந்த நபரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. எந்த நபரும் என்றால் வகுப்பாசிரியரும்தான். 'ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன்' என்பதோடு அவர் கடமை முடியாது. தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. அனுப்பியவர் பள்ளியின் ஆசிரியராகவோ ஊழியராகவோ இருந்து, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. அப்படிப்பட்ட சமயத்தில் 'முதலில் உள் விசாரணை' என்று ஒரு வாரம் கடத்துவது விசாரணை ஆகாது.

இதற்கு நேர்மாறாக, ஆசிரியர்கள் பயப்படத் தேவையில்லாத ஒன்றுக்குப் பயப்படுகிறார்கள்: 'நான் அட்மின், யாரோ எதையோ போட்டால் என்மேல் வழக்கு வருமே' என்று. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒருவர் அட்மினாக மட்டும் இருந்து வேறெதுவும் செய்யவில்லையென்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது. அட்மினாக இருப்பது குற்றமல்ல. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் சிக்கல்.

'போலீஸுக்குப் போனால் பையன் வாழ்க்கை போச்சே' என்ற கவலை ஆசிரியர் அறையில் உண்மையாகவே எழும், அதில் இரக்கமும் இருக்கிறது. ஆனால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் போவார். அவரை லாக்கப்பில் வைக்க முடியாது. 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் முதல் தகவல் அறிக்கைகூடப் பதியாமல், நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையோடு அனுப்புவதே முறை. பள்ளி தானே தண்டிக்கிறேன் என்று டி.சி. கொடுத்து அனுப்புவது பல சமயம் இதைவிடக் கடுமையான தண்டனை. எட்டாம் வகுப்பு முடியும்வரை அப்படி வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவே தடை போடுகிறது.

படத்தைச் செய்தவன் யார் என்று பள்ளியே குடைந்து குடைந்து கேட்கவும் கூடாது. பள்ளி விசாரித்தால் கவிதா மூன்று முறை ஒரே கதையைச் சொல்ல நேரும், சாட்சிகள் பேசி வைத்துக்கொள்வார்கள், அந்தக் கைப்பேசி கிணற்றில் கிடக்கும். படம் காவல்துறையின் பொறுப்பு. ஸ்டிக்கரும் வாக்கெடுப்பும் எண்ணை ஒட்டியதும் அந்தப் பதினொரு சிரிப்பும் பள்ளியின் பொறுப்பு. இணையக் கேலிக்கென்று தனிச் சட்டம் இல்லை. இணைய வசைக்குப் பயன்பட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. பாலியல் கலப்போ மிரட்டலோ சாதி வசையோ இல்லாத பேச்சைப் பள்ளியைத் தவிர வேறு யாரும் கையாளப் போவதில்லை.

அந்தப் பதினொரு சிரிப்பைப் பற்றி ஆய்வுலகம் நிறையப் பேசியிருக்கிறது. பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் 1996இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து, துன்புறுத்துபவரும் துன்பப்படுபவரும் மட்டும் அல்லாமல் துணை நிற்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்குபவர், காக்க வருபவர் என்று வகுப்பு முழுதும் ஏதோ ஒரு பங்கில் இருப்பதைக் காட்டினார்கள். ஜப்பானில் மொரிட்டா யோஜி இதற்கு முன்பே, சுற்றி நின்று ரசிப்பவரையும் பார்த்தும் பாராதவரையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்திருந்தார். வகுப்பறையில் ஒதுங்குபவன் வெளியே போய்விடலாம். குரூப்பில் அவன் எங்கே போவான்? படித்தவர் யார் யார் என்று அனுப்பியவனால் செய்தியின் விவரத்தில் பார்க்க முடியும். பேசாத இருபத்து நான்கு பேரை அவன் 'பார்த்துட்டாங்க, ஒண்ணும் சொல்லல' என்றுதான் எடுத்துக்கொள்வான். கவிதாவுக்கும், பின்னால் தெரியவரும்போது, அந்த எண்ணிக்கைதான் ஸ்டிக்கரைவிட வலிக்கும்.

பள்ளிகள் விரும்பும் இரண்டு சடங்குகள் இங்கே தோற்பது இதனால்தான். முதலாவது, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பொதுவாகத் திட்டுவது. யாரைப் பற்றி என்று பள்ளி முழுவதும் தேடும். மதியத்துக்குள் ஒன்பதாம் வகுப்புக்கும் ஸ்டிக்கர் போய்ச் சேரும். பெயர் வெளியிடுவதைத் தடுக்கும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவை, பெயர் சொல்லாமலேயே கெடுப்பது இது. இரண்டாவது, எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்க வைப்பது. அந்த அறையில் மூன்று பையன்கள், அவர்களின் அப்பாக்கள், ஒரு கவிதா. 'பரவால்ல சார்' என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வழியில்லை.

பின்லாந்தின் கிவா திட்டம் வைத்திருக்கும் முறை சாதாரணமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது. பயிற்சி பெற்ற சில ஆசிரியர்கள் கொண்ட சிறு குழு, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் தனியே பேசும். பிறகு துன்புறுத்தியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, இனி நீ என்ன செய்வாய் என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டு, நாள் குறித்து மறுபடி சந்திக்கும். வகுப்பாசிரியர், வகுப்பில் மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை அழைத்துப் பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருக்கக் கேட்பார். கண்டித்துப் பேசுவதா, கண்டிக்காமல் பொறுப்பேற்க வைப்பதா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் மொத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தனித்தனியாகப் பேசுவதும் திரும்பப் பார்ப்பதும் இரண்டு வழிக்கும் பொது. நம் பள்ளியில் இதைச் செய்யும்போது ஒரே பாடவேளைக்குள், ஒருவர் வெளியே போய் அடுத்தவரிடம் சொல்ல இடம் கொடுக்காமல், மூவரையும் பார்த்து முடிக்க வேண்டும்.

மூவரில் ஸ்டிக்கர் செய்தவனுக்கு, தான் என்ன செய்தோம் என்பது ஓரளவு தெரியும். வாக்கெடுப்பு வைத்தவன் வெட்கப்படுவான். எண்ணை ஒட்டியவன்தான் 'நான் படம்கூடப் போடலையே சார், நம்பர்தான்' என்று உண்மையாகவே வியப்பான். அவனோடுதான் அதிக நேரம் பேச வேண்டும். ஸ்டிக்கர் குரூப்போடு நிற்கிறது. எண் எங்கெல்லாம் போயிற்று என்று அவனுக்கே தெரியாது. எங்கெல்லாம் ஒட்டினான், யாருக்கு அனுப்பினான் என்று பட்டியல் எழுதி, தந்தை முன்னிலையில் தன் பதிவுகளை நீக்குவது அவன் செய்ய வேண்டிய வேலை. அதுவும் பதிவெல்லாம் காவல்துறைக்குப் போய், அவர்கள் சரி என்று சொன்ன பிறகு. அவன் கைப்பேசியின் மற்ற உரையாடல்களை ஆசிரியர் துழாவக் கூடாது.

கவிதாவிடம் பேசுபவர் ஒருவராக இருக்கட்டும், அவள் நம்பும் ஆசிரியையாக. 'ஆண்டுவிழாவில் ஏன் அப்படி உடுத்தினாய்', 'யாருக்கு நம்பர் கொடுத்தாய்' என்ற கேள்விகள் வேண்டாம். என்ன நடந்திருக்கிறது, யாருக்குத் தெரியும், காவல்துறைக்கு ஏன் சொல்கிறோம் என்பதை அவளுக்கும் பெற்றோருக்கும் நேராகச் சொல்ல வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் 14417 பள்ளிக்கல்வி உதவி எண்ணையும் cybercrime.gov.in தளத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தோழியின் பெயர் மட்டும் அவர்களிடமும் சொல்லப்படாது.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியை மறுபடி கேட்கும்போது ஸ்டிக்கர் நின்றிருக்கலாம், வகுப்பில் பக்கத்தில் உட்கார ஆள் வந்திருக்கலாம். அழைப்புகள் நின்றிருக்காது. 'எண்ணை மாற்றிவிடுங்கள்' என்பார்கள். அந்த எண் அவள் அப்பாவுடையது. வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு, ரேஷன் எல்லாம் அதோடு கட்டப்பட்டவை. தெரியாதவர்களின் வாட்ஸப் அழைப்பை ஒலிக்காமல் செய்யலாம். சாதாரண அழைப்பையும் அப்படிச் செய்தால் அப்பாவுக்கு வேலைக்குக் கூப்பிடுகிறவர்களின் அழைப்பும் சேர்ந்து அடங்கிப்போகும். அதனால் இரவு பதினொரு மணிக்கு அது ஒலிக்கும்போது அப்பாதான் எடுக்கிறார்.